நிறுத்திய இடத்தில் நிற்காத உருவம்

கணினி விளையாட்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் புதிரைச் சந்தித்திருப்பார்கள். திரையில் ஒரு மனித உருவம். சமதரையில் நன்றாக ஓடுகிறது, குதிக்கிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது. அதை ஒரு புல்மேட்டின் மேல் நிறுத்திவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். உருவம் இரண்டு மீட்டர் கீழே நிற்கிறது. கால் அசையவில்லை, பொத்தானை யாரும் தொடவில்லை. சிலையை யாரோ மெல்லத் தள்ளிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது.

அந்த மேட்டின் சரிவு பத்து டிகிரிதான். ஏறக்குறைய ஆறடி நடந்தால் ஓரடி ஏறும். அதில் நாம் நின்றால் கால் வழுக்குமா? வழுக்காது. அப்படியானால் கணினிக்குள் மட்டும் ஏன் வழுக்குகிறது?

நான் செய்த ஒரு சிறு விளையாட்டில் இதே கோளாறு வந்தது. அதைச் சரிசெய்த மறுநாள் இன்னொன்று முளைத்தது. 30 டிகிரிச் சரிவில் உறுதியாக நின்ற உருவம், 35 டிகிரிச் சரிவில் கையைக் காலை உதறிக்கொண்டு ஆகாயத்திலிருந்து விழுவதுபோல் நடித்தது. பெட்டி ஒன்றின் விளிம்பில் நிறுத்தினால் குதிக்க மறுத்தது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவதைப் புரிந்துகொள்ளாமல் முதலாவது முழுதாகத் தீராது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் நம் காலையே பார்ப்போம். சரிவில் நிற்கும் எதையும் ஈர்ப்பு நேர்கீழாக இழுக்கிறது. அந்த இழுப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பங்கு நம்மைத் தரையோடு அழுத்துகிறது, இன்னொரு பங்கு சரிவின் வழியே கீழே தள்ளுகிறது. தள்ளும் பங்கை எதிர்த்து நிற்பது உராய்வு. சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தள்ளல் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. ஒரு கட்டத்தில் உராய்வு தோற்றுப்போகிறது. அந்தக் கட்டத்துக்குச் சறுக்குக்கோணம் என்று பெயர். களத்தில் கொட்டிய நெல் குவியல் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காமல் சரிவதும் இதனால்தான்.

விளையாட்டு உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளில், பொருள்களுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் உராய்வுக் கெழு 0.6 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்குச் சறுக்குக்கோணம் சுமார் 31 டிகிரி. ஆக, யூனிட்டியைத் தன் போக்கில் விட்டால் பத்து டிகிரிச் சரிவில் எதுவும் வழுக்காது. வழுக்கவைப்பது நாம்தான்.

எப்படி என்றால், உராய்வு 0.6 இருக்கும் உருவம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குதித்தபடி சுவரை நோக்கி முன்னேறும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், ஒவ்வொரு கணமும் உருவம் சுவரோடு அழுத்தப்படுகிறது. அழுத்தம் இருக்கும் இடத்தில் உராய்வும் இருக்கும். உருவம் பல்லிபோல் சுவரில் தொங்கிவிடுகிறது. இதற்கு எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் மருந்து, உருவத்தின் உராய்வைச் சுழியாக்கி, `Friction Combine` தெரிவை `Minimum` என்று வைத்துவிடுவது. பிறகு நடப்பதும் நிற்பதும் நாம் நிரலில் எழுதும் வேகத்தால் நடக்கும். சுவரில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அந்த நொடியிலிருந்து நம் உருவம் எண்ணெய் தடவிய பாதங்களோடுதான் உலவுகிறது.

'சரி, பொத்தானை விட்டதும் வேகத்தைச் சுழியாக்கிவிடுகிறேனே' என்று அடுத்து எழுதுகிறோம்.

```csharp
Vector3 v = rb.linearVelocity;
v.x = 0; v.z = 0;
rb.linearVelocity = v;
```

பக்கவாட்டு வேகம் இரண்டையும் அழித்தாயிற்று. செங்குத்து வேகத்தைத் தொடவில்லை, அதை அழித்தால் குதிப்பும் விழுவதும் கெட்டுவிடும். பார்த்தால் குறையே தெரியாத மூன்று வரிகள். இதற்குப் பிறகும் உருவம் நகர்கிறது, அதுவும் முன்னைவிட மெதுவாக, சீராக. எனக்கு இந்தச் சீர்மைதான் துப்புக் கொடுத்தது. உராய்வில்லாமல் வழுக்கும் பொருள் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். பத்து டிகிரிச் சரிவில் முதல் நொடியிலேயே அது 85 சென்டிமீட்டர் போய்விடும், அடுத்த நொடியில் அதைப்போல் மூன்று மடங்கு. இதுவோ நத்தைபோல் ஒரே வேகத்தில் ஊர்கிறது. அப்படியென்றால் வேகம் திரும்பத் திரும்ப அழிக்கப்படுகிறது, திரும்பத் திரும்பப் பிறக்கவும் செய்கிறது.

எங்கே பிறக்கிறது? கணினிக்குள் காலம் ஆறுபோல் ஓடுவதில்லை, படிக்கட்டில் இறங்குவதுபோல் எட்டு எட்டாக நகர்கிறது. யூனிட்டியின் இயல்பு அமைப்பில் ஓர் எட்டு 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 எட்டுகள். ஒவ்வோர் எட்டிலும் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். முதலில் நம் நிரல் பக்கவாட்டு வேகத்தை அழிக்கிறது. அடுத்து ஈர்ப்பு நொடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர் அளவு கீழ்நோக்கிய வேகத்தைச் சேர்க்கிறது. அடுத்து, உருவம் தரைக்குள் புதைந்துவிடாதபடி, தரைக்குள் நுழையும் பங்கை மட்டும் இயற்பியல் கணக்கு நீக்குகிறது. சமதரையில் ஈர்ப்பு தந்த வேகம் முழுவதும் அப்படி நீங்கிவிடும். சரிவில் நீங்காது. சரிவின் வழியே போகும் பங்கு மிஞ்சும். கடைசியாக, மிஞ்சிய வேகத்தில் உருவம் நகர்த்தப்படுகிறது. நம் நிரல் மறுபடி வந்து அழிப்பதற்குள் நகர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

கணக்குப் போட்டால் பத்து டிகிரிச் சரிவில் ஓர் எட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், ஏறக்குறைய 0.7. கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு 50 எட்டு என்பதால் அது மூன்றரை சென்டிமீட்டர் ஆகிறது, ஒரு நிமிடத்தில் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நகர்ந்தது இதுதான்.

இந்த விளக்கம் சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது? கால எட்டின் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள், 0.02-க்குப் பதில் 0.01. ஈர்ப்பும் சரிவும் மாறவில்லை, ஆனால் ஊரும் வேகம் பாதியாகிவிடும். ஒவ்வோர் எட்டிலும் ஈர்ப்பு சேர்க்கும் வேகம் பாதியாகிவிட்டதுதான் காரணம். உண்மையான உலகத்து வழுக்கல், நாம் காலத்தை எத்தனை துண்டாக வெட்டிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறாது. இது மாறுகிறது. ஆகவே கோளாறு நம் கணக்கின் வரிசையில் இருக்கிறது. வேகத்தை அழிப்பதற்கும் நகர்த்துவதற்கும் நடுவில் ஈர்ப்பு நுழைகிறது.

நோய் தெரிந்தால் மருந்து தெரியும். தரையில் நிற்கிறோம், எந்தப் பொத்தானும் அழுத்தப்படவில்லை என்றால் ஈர்ப்பை நிறுத்திவிட வேண்டும், மொத்த வேகத்தையும் சுழியாக்க வேண்டும்.

```csharp
bool still = grounded && noInput;
rb.useGravity = !still;
if (still) rb.linearVelocity = Vector3.zero;
```

இது குறுக்குவழி என்று யாரும் தயங்க வேண்டாம். 1999-இல் வந்த குவேக் 3 அரீனா விளையாட்டின் மூலநிரலை அதன் நிறுவனம் 2005-இல் பொதுவில் வெளியிட்டது, இன்றும் யாரும் படிக்கலாம். அதில் தரையில் நடக்கும் பகுதியைப் பார்த்தால், சாதாரணத் தரையில் ஈர்ப்பே சேர்க்கப்படுவதில்லை, வழுக்குத் தரை என்று குறிக்கப்பட்ட இடங்கள் போன்ற சில நிலைகளில் மட்டுமே சேர்க்கப்படுகிறது. அதோடு, பக்கவாட்டு வேகம் இல்லை என்றால் எதையும் செய்யாமல் திரும்பிவிடு என்று தனியாக ஒரு வரியும் இருக்கிறது. கோடோ மென்பொருளில் இதே வேலைக்கு `floor_stop_on_slope` என்று ஒரு தெரிவே வைத்திருக்கிறார்கள். உராய்வை வைத்தே வேலையை முடிக்க விரும்புகிறவர்கள், நிற்கும்போது மட்டும் உராய்வைக் கூட்டி, நடக்கும்போது சுழியாக்குவார்கள். அதுவும் நல்ல வழிதான்.

குதிப்பில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். குதித்த முதல் எட்டில் உருவம் இன்னும் தரைக்கு மிக அருகில் இருக்கும். அப்போது மேலே உள்ள நிரல் 'தரையில் சும்மா நிற்கிறான்' என்று எண்ணிக் குதிப்பின் வேகத்தையும் அழித்துவிடும். குதித்த பின் பத்தில் ஒரு பங்கு நொடிக்காவது தரையைக் கேட்காமல் இருக்க வேண்டும்.

இப்போது மருந்தாக எழுதிய மூன்று வரிகளை மீண்டும் பாருங்கள். எல்லாமே `grounded` என்ற ஒரு சொல்லில் தொங்குகின்றன. தரையில் நிற்கிறோமா? நமக்குப் பாதம் சொல்கிறது. உருவத்துக்கு யார் சொல்வது?

வழக்கமான ஏற்பாடு, உருவத்தின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கற்பனைக் கோட்டை விட்டுப் பார்ப்பது. இதைக் கதிர் என்பார்கள். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போலத்தான். குறிப்பிட்ட நீளத்துக்குள் கயிறு எதையாவது தொட்டால் தரை இருக்கிறது, தொடாவிட்டால் ஆகாயத்தில் இருக்கிறோம். என் உருவத்தின் உயரம் 2 மீட்டர், ஆகவே நடுவிலிருந்து பாதம் வரை 1 மீட்டர். சிறிது இடம் விட்டு, கதிரின் நீளத்தை 1.1 மீட்டர் என்று வைத்திருந்தேன். பாதத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டர் கூடுதல். போதும் என்று தோன்றியது.

போதாது. காரணம் உருவத்தின் வடிவம். திரையில் மனிதன் தெரிந்தாலும், மோதல்களைக் கணக்கிட உள்ளே வைத்திருப்பது கேப்சூல் மாத்திரை போன்ற ஒன்று. நடுவில் உருளை, மேலும் கீழும் அரைக்கோளம். இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு, உருண்டையான அடிப்பாகம் சிறு மேடு பள்ளங்களில் இடறாமல் ஏறிச்செல்லும். ஆனால் உருண்டை சரிவை எந்த இடத்தில் தொடும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கனத்த அட்டையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் ஒரு டென்னிஸ் பந்தை விரலால் பிடித்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். பந்தின் மிகத் தாழ்ந்த புள்ளி அட்டையைத் தொடவே தொடாது. தொடும் இடம் அதற்குச் சற்று மேலே, சரிவு ஏறும் பக்கமாக இருக்கும். பந்தின் அடிப்புள்ளிக்கும் அட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெளி தெரியும். அட்டையைச் செங்குத்தாக்க ஆக்க அந்த வெளி பெரிதாகும்.

நம் கதிர் இறங்குவது சரியாக அந்த வெளிக்குள்தான். மாத்திரையின் அரைவிட்டம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 20 டிகிரிச் சரிவில் அடிப்புள்ளிக்குக் கீழே 3 சென்டிமீட்டர் இடைவெளி. 30 டிகிரியில் ஏறக்குறைய 8. 35 டிகிரியில் 11. 45 டிகிரியில் 20-ஐத் தாண்டிவிடும். நான் விட்ட கூடுதல் 10 சென்டிமீட்டர் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுமார் 33.5 டிகிரி வரை கயிறு தரையைத் தொடுகிறது, அதற்கு மேல் எட்டுவதில்லை. 30-இல் நின்ற உருவம் 35-இல் ஏன் விழுவதுபோல் நடித்தது என்பதற்கு இவ்வளவுதான் விடை. உருவம் சரிவின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கதிர் தரை இல்லை என்கிறது. தரை இல்லை என்றதும் மேலே எழுதிய மருந்து வேலை செய்யாது, ஈர்ப்பு திரும்ப வருகிறது, பழைய ஊர்தலும் திரும்ப வருகிறது. இரண்டு நோய்களும் ஒன்றில் ஒன்று புகுந்திருந்தது இப்படித்தான்.

கயிற்றை நீட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் நீட்டினேன், 30 சென்டிமீட்டர் கூடுதலாக. சரிவுகள் சரியாயின. ஆனால் சமதரையில் குதித்துப் பாதம் கால் மீட்டர் உயரம் போன பிறகும் கதிர் 'தரையில்தான் இருக்கிறாய்' என்றது. பொத்தானை வேகமாக இருமுறை தட்டினால் ஆகாயத்திலேயே இரண்டாவது குதிப்பு கிடைத்தது.

விளிம்பில் நிலைமை இன்னும் தெளிவு, அங்கே எந்த நீளமும் உதவாது. பெட்டியின் ஓரத்தில், உருவத்தின் நடுக்கோடு விளிம்பைத் தாண்டி 40 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். அரைவிட்டம் 50 சென்டிமீட்டர் என்பதால் உருண்டை அடியின் பக்கவாட்டுப் பகுதி இன்னும் விளிம்பில் தாங்கி நிற்கிறது. கதிரோ பெட்டிக்கு வெளியே, வெறும் பள்ளத்துக்குள் இறங்குகிறது. கிணற்றுச் சுவரில் காலை ஊன்றி நின்றுகொண்டு, கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டு 'நான் நிற்க இடமில்லை' என்று முடிவுகட்டுவது போன்றது இது. நான்கு பக்கமும் நான்கு கதிர்கள் விடலாம்தான். ஆனால் ஒரு மூலையோ மெல்லிய சட்டமோ இரண்டு கதிர்களுக்கு நடுவில் நழுவிவிடும்.

கோடு மெல்லியது, அடி பருமனானது. அந்தப் பொருத்தமின்மையே மூல காரணம் என்பதால், சோதிக்கும் கருவியும் அடியைப் போலவே இருக்க வேண்டும். கயிற்றின் நுனியில் ஒரு பந்தைக் கட்டி இறக்குவதுபோல் கதிருக்குப் பதில் ஒரு கோளத்தைக் கீழே நகர்த்திப் பார்க்கலாம். யூனிட்டியில் இதற்கு `Physics.SphereCast` இருக்கிறது. கோளத்தை மாத்திரையின் அடியைவிடச் சற்றுச் சிறிதாக, 45 சென்டிமீட்டர் அரைவிட்டத்தில் வைத்து, அடி அரைக்கோளத்தின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கிப் பார்த்தேன். சிறிதாக வைப்பதற்குக் காரணம், புறப்படும்போதே கோளம் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பொருளை யூனிட்டி கணக்கில் எடுப்பதில்லை. அதே 10 சென்டிமீட்டர்தான், ஆனால் இப்போது 60 டிகிரிச் சரிவு வரை தரை தெரிகிறது. 40 சென்டிமீட்டர் வெளியே தொங்கும் விளிம்பும் தெரிகிறது.

குவேக் 3 இதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருந்தது. அதில் வீரனின் மோதல் வடிவம் தட்டையான அடி கொண்ட பெட்டி. தரையைக் கண்டுபிடிக்க, அந்தப் பெட்டி முழுவதையுமே அதன் அலகில் கால் பங்கு கீழே இறக்கிப் பார்க்கிறார்கள். எந்த வடிவம் தரையில் நிற்கிறதோ அதே வடிவம்தான் தரையைத் தேடுகிறது.

கோளத்தோடு ஒரு புதிய சிக்கல் வருகிறது. தரை இருக்கிறதா என்பதோடு, அது நிற்கக்கூடிய தரையா என்றும் நிரல் கேட்கும். இதைப் பரப்பின் செங்குத்துக்கோட்டை வைத்து முடிவுசெய்கிறார்கள். பலகையில் நேராக அறைந்த ஆணியை நினைத்துக்கொள்ளுங்கள், பலகை சாய்ந்தால் ஆணியும் அதே அளவு சாயும். ஆணி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே சரிவின் அளவு. சுமார் 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது நிற்கும் தரை அல்ல, சறுக்கும் சுவர். குவேக் 3, அன்ரியல், கோடோ எல்லாமே இந்த எல்லையை 45-க்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கின்றன.

விளிம்பில் இந்த ஆணி எந்தப் பக்கம் சாயும்? பெட்டியின் மேற்பரப்பு மட்டமானது, அதில் ஆணி நேராக நிற்க வேண்டும். ஆனால் கோளம் தொடுவது பரப்பை அல்ல, விளிம்புக் கோட்டை. அந்த இடத்தில் யூனிட்டி தருவது தொடும் புள்ளியிலிருந்து கோளத்தின் மையத்தை நோக்கிய திசை. என் கணக்கில் அது 60 டிகிரிக்கும் மேல் சாய்ந்திருந்தது. விளைவு, மட்டமான பெட்டியின் ஓரத்தில் நிற்கும் உருவத்தை நிரல் செங்குத்தான மலைச்சரிவில் நிற்பதாக எண்ணித் தள்ளிவிட்டது. கோளம் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்வி வேறு.

ஆகவே இரண்டு கேள்விகளையும் பிரித்துவிட வேண்டும். தரை இருக்கிறதா என்பதைக் கோளம் சொல்லட்டும். எப்படிப்பட்ட தரை என்பதை அறிய, கோளம் தொட்ட புள்ளியைக் கொஞ்சம் பெட்டியின் உட்பக்கமாக, ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, அங்கே மேலிருந்து ஒரு சிறு கதிரை இறக்க வேண்டும். ஒதுக்கிவைத்த கதிர் இங்கே சரியான வேலைக்குத் திரும்ப வருகிறது. அது மேற்பரப்பைத் தொட்டு ஆணி நேராக இருப்பதைச் சொல்லிவிடும். அன்ரியலில் இந்தச் சிரமம் இல்லை. அங்கே மோதலின் விவரத்தில் `Normal`, `ImpactNormal` என்று இரண்டும் தனித்தனியே தரப்படுகின்றன. முன்னது உருண்டையின் பார்வை, பின்னது பரப்பின் பார்வை. நடக்கக்கூடிய தரையா என்பதை அது பின்னதை வைத்தே முடிவுசெய்கிறது.

எவ்வளவு தூரம் வெளியே தொங்கும் வரை நிற்க விடுவது என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. உண்மையான மனிதன் 40 சென்டிமீட்டர் வெளியே வந்தால் விழுந்துதான் போவான். தாவிக் குதிக்கும் விளையாட்டில் அப்படி விழவைத்தால் ஆடுபவருக்கு அநியாயமாகத் தோன்றும். எனவே தாராளமாக விடுவதே நல்லது என்பது என் முடிவு.

உங்கள் விளையாட்டிலும் உருவம் நகர்ந்தால், முதல் வேலையாகக் கதிரையும் கோளத்தையும் திரையில் வண்ணக்கோடாக வரையுங்கள். யூனிட்டியில் `Debug.DrawRay`, `Gizmos.DrawWireSphere` இரண்டும் அதற்கென்றே இருக்கின்றன. பிறகு 10, 30, 35, 50 டிகிரியில் நான்கு சரிவுகளும் ஒரு பெட்டியும் கொண்ட சோதனைக் களம் ஒன்றைக் கட்டி, ஒவ்வொன்றிலும் உருவத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, முன்னும் பின்னும் அதன் இருப்பிட எண்களைப் பாருங்கள். 50 டிகிரியில் அது சறுக்க வேண்டும். மற்ற நான்கிலும் எண்கள் மாறக் கூடாது.